தூளி ஆடும் வேகத்தில் ஒரு பாட்டு: அனிமேஷன் தாலாட்டுக்கு எழுத்து வடிவம் எழுதும் முறை

ஏற்காட்டில் என் அக்கா வீட்டு விட்டத்தில் ஒரு சேலைத் தூளி தொங்குகிறது. அவள் மகளைத் தூங்க வைக்க இரண்டு நிமிட அனிமேஷன் தாலாட்டு ஒன்றைச் செய்யலாம் என்று நானும் படம் வரையும் நண்பர் ஒருவரும் முடிவு செய்தோம். பாட்டு எழுதுவது என் வேலை. முதல் வாரம் முழுக்க நான் எழுதியதெல்லாம் குப்பைக்குப் போனது. படிக்க நன்றாக இருந்த வரிகள் தூளியின் ஆட்டத்தோடு சேர்த்துப் பாடியபோது இடறின. அதனால் இந்த விளக்கத்தைச் சொற்களிலிருந்து தொடங்காமல் தூளியிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் தூளியை அளந்துகொள்ளுங்கள்

கைபேசியில் நிறுத்துக் கடிகாரத்தை ஓடவிட்டு, தூளி பத்து முறை போய்வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். அக்கா வீட்டில் 29 விநாடி ஆனது. விட்டத்திலிருந்து குழந்தை கிடக்கும் இடம் வரை ஏறக்குறைய ஏழடி. ஐந்தடித் தூளியாக இருந்தால் ஒரு ஆட்டம் இரண்டரை விநாடியில் முடிந்துவிடும். கயிற்றின் நீளம்தான் நேரத்தைத் தீர்மானிக்கிறது. குழந்தையின் எடைக்கு அதில் பங்கில்லை.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று ஒரு ஆட்டத்துக்கு 3 விநாடி என்று வைத்துக்கொண்டேன். விநாடிக்கு 24 சட்டகம், அதாவது 24 தனிப் படம் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 72 சட்டகம். நண்பர் இந்த 72 சட்டகங்களைப் பத்திக்கு ஒரு முறை வரைந்தால் போதும். அந்தப் பத்தி முழுக்க அதுவே திரும்பத் திரும்ப ஓடும். இங்கே எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. 73ஆவது சட்டகமும் முதல் சட்டகமும் ஒன்றேதான். அதையும் சேர்த்து ஓடவிட்டால் மூன்று விநாடிக்கு ஒரு முறை தூளி இம்மியளவு நின்று போகும். கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது, ஆனால் ஏதோ உறுத்தும்.

ஒரு ஆட்டத்துக்குள் எத்தனை மாத்திரை?

"ஆராரோ ஆரிரரோ" என்பதை மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். தூளி போகும்போது "ஆராரோ", வரும்போது "ஆரிரரோ". எழுத்தை ஒலிக்கும் நேர அளவான மாத்திரையைக் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று எண்ணினால் இரண்டு சீருக்கும் ஆறு ஆறு வருகிறது. நம் பாட்டிமார்கள் எண்ணிப் பார்த்துப் பாடவில்லை, ஆனால் அளவு பிசகவில்லை.

ஆகவே ஒரு சீருக்கு ஆறு மாத்திரை, ஒரு வரிக்கு நான்கு சீர், அதாவது இரண்டு ஆட்டம், 6 விநாடி. குறிலை அடுத்து மெய் வந்தால் இலக்கணத்தில் அரை மாத்திரைதான். பாட்டில் அதை ஒன்றாக எண்ணுங்கள். நெடிலை அடுத்த மெய்யைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், நெடிலே அதை விழுங்கிவிடும். சொல்லின் நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரத்துக்கு ஒன்று போதும். மூன்று, நான்கு, ஐந்து மாத்திரைச் சீரை இழுத்து ஆறாக்கிப் பாடலாம். ஏழு வந்தால் வழியே இல்லை. நாக்கு ஓட வேண்டும். தாலாட்டில் நாக்கு ஓடினால் குழந்தை கண்ணைத் திறந்து பார்க்கும்.

என் வரி ஒன்று இப்படித்தான் மாட்டியது. ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற மலை முனையிலிருந்து இரவில் கீழே பார்த்தால் சேலம் நகரமே விளக்குப் புள்ளிகளாகத் தெரியும். அதைப் பாட்டில் கொண்டுவர ஆசைப்பட்டு "சேலம் விளக்கெல்லாம்" என்று எழுதினேன். வி-ளக்-கெல்-லாம்: ஒன்று, இரண்டு, இரண்டு, இரண்டு. ஏழு. "சேலத்தின் சுடரெல்லாம்" என்று மாற்றியதும் இரண்டு சீரும் ஆறு ஆறாக உட்கார்ந்தன. "விளக்கு" என்ற சொல்லை விட மனம் வரவில்லைதான், ஆனால் விட்டேன்.

எதுகை வரியின் தலையில் இருக்கட்டும்

புதிதாக எழுதுபவர்கள் வரிக் கடைசியில் மட்டும் ஓசை ஒத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். அது இயைபு. தமிழ்க் காது அதைவிட வரியின் தொடக்கத்தைத்தான் முதலில் கேட்கிறது: அடிதோறும் முதல் சொல்லின் இரண்டாம் எழுத்து ஒன்றுவது எதுகை, ஒரே வரிக்குள் சீர்களின் முதல் எழுத்து ஒன்றுவது மோனை. எதுகையில் முதல் எழுத்தின் அளவும் ஒத்திருக்க வேண்டும். "சேலத்தின்" என்பதற்கு "நீலத்தின்" பொருந்தும். "பலத்தின்" பொருந்தாது, அது குறிலில் தொடங்குகிறது. மோனையில் எழுத்து அப்படியே வர வேண்டியதில்லை. இ, ஈ, எ, ஏ ஒரு குடும்பம். உ, ஊ, ஒ, ஓ ஒரு குடும்பம். அதனால் சேகரமும் சிகரமும் மோனை ஆகும். முதல் சீருக்கும் மூன்றாம் சீருக்கும் மோனை அமைத்தால், ஒவ்வொரு முறை தூளி புறப்படும்போதும் அதே ஓசை கேட்கும்.

கடைசிச் சொல்லுக்கு நான் சிரமமே படவில்லை. "ஆராரோ" தவிர எல்லா வரியும் "தூங்கியதே" என்று முடிகிறது. மூன்றாவது வரியிலேயே குழந்தை அதை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும். இதோ முழுப் பாட்டு:

மூடும் பனியினிலே முகடெல்லாம் தூங்கியதே
ஆடும் மிளகுக்கொடி அணைந்தபடி தூங்கியதே
ஆராரோ ஆரிரரோ ஆராரோ ஆரிரரோ

காளை அசைபோட்டுக் காட்டோரம் தூங்கியதே
வேளை வருகையிலே விண்மீனும் தூங்கியதே
ஆராரோ ஆரிரரோ ஆராரோ ஆரிரரோ

சேலத்தின் சுடரெல்லாம் சிறுபொட்டாய்த் தூங்கியதே
நீலத்தின் மடியினிலே நிலவொளியும் தூங்கியதே
ஆராரோ ஆரிரரோ ஆராரோ ஆரிரரோ

தூளிக்குள் என்கண்ணும் துணைசேர்ந்து தூங்கியதே

"வேளை வருகையிலே" என்பது "காளை"க்கு எதுகை தேடிப்போய்க் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதலில் அந்த வரி "வேதனையும் தூங்கியதே" என்று முடிந்தது. மாத்திரை சரி, மோனையும் சரி. நண்பர் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "வேதனையை நான் எப்படி வரைவது?" என்று கேட்டார். ஒவ்வொரு வரிக்கும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரையக்கூடிய ஒரு பொருள், அது செய்யக்கூடிய ஒரு செயல், இரண்டும் இல்லாத வரி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் இந்த வேலைக்கு ஆகாது.

படம் ஒன்றே, மாறுவது ஒன்றே ஒன்று

எங்கள் படத்தில் ஒரே காட்சிதான். இரவு நேரத் திண்ணை, நடுவில் தூளி. திண்ணைக்கு அப்பால் சில்வர் ஓக் மரம், அதைப் பற்றி ஏறிய மிளகுக்கொடி, மரத்தடியில் காளை, தொலைவில் மலை முகடு, பள்ளத்தில் சேலத்து விளக்குகள், மேலே நிலா. இவை ஒவ்வொன்றும் தனி அடுக்கு. கேமரா அசையவே கூடாது. தூளி ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறது, கேமராவும் நகர்ந்தால் கண்ணுக்கு ஓய்வு இல்லை.

ஒரு வரிக்கு ஒரு மாற்றம் மட்டும். முதல் வரியில் பனி முகட்டை மூடுகிறது. இரண்டாம் வரியில் கொடி அசைவதை நிறுத்துகிறது. "ஆராரோ" வரும்போது எதுவும் மாறாது, தூளி மட்டும் ஆடும். தூங்கிய பொருள் மறுபடி விழிக்கக் கூடாது. அடுத்த பத்தியிலும் கொடி அசையாமலே இருக்க வேண்டும். இப்படிப் போனால் திரையில் அசைவும் வெளிச்சமும் வரிக்கு வரி குறையும்.

எழுத்து வடிவத்தில் ஒரு பகுதியை இப்படி எழுதிக் கொடுத்தேன்:

பத்தி 3 — 0:57 முதல் 1:15 வரை — 6 ஆட்டம்
வரி 1: சேலத்தின் சுடரெல்லாம்…
மாற்றம்: விளக்குகள் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக மங்கும். ஒரு விளக்கு மங்க 24 சட்டகம். மினுக்கல் வேண்டாம்.
வரி 2: நீலத்தின் மடியினிலே…
மாற்றம்: நிலவொளி திண்ணைத் தரையிலிருந்து மெல்ல விலகும்.
வரி 3: ஆராரோ…
மாற்றம்: இல்லை.

"மாற்றம்: இல்லை" என்பதையும் எழுதத்தான் வேண்டும். எழுதாமல் விட்டால் படம் வரைபவர் அந்த இடத்தில் ஒரு மின்மினியைப் பறக்கவிடுவார். பறக்கவிட்டார்.

வேகத்தைக் குறைக்காமல் மெதுவாக்குவது

பாட்டு முடியும் தறுவாயில் தாளத்தை மெதுவாக்க வேண்டும் என்று தோன்றும். செய்யாதீர்கள், 72 சட்டகச் சுழற்சி பாட்டோடு பொருந்தாமல் போய்விடும். உண்மையான தூளியும் அப்படி மெதுவாவதில்லை. ஆட்டும் கையை எடுத்துவிட்டால் அது போய்வரும் தூரம்தான் குறைகிறது, ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய அதேதான். எனவே தொடக்கத்தில் நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 10 பாகையாக இருந்த ஆட்டத்தைப் பத்திக்குப் பத்தி குறைத்துக் கடைசியில் 4 பாகைக்குக் கொண்டுவந்தோம். நேரம் மாறவில்லை, ஆனாலும் பார்ப்பவருக்கு எல்லாமே அடங்குவது தெரிகிறது. ஒவ்வொரு ஆட்டத்திலும் இரு ஓரங்களில் தூளி தயங்கி, நடுவில் சற்று விரைய வேண்டும். சீரான வேகத்தில் ஓடினால் அது தூளி அல்ல, கார்க் கண்ணாடியின் துடைப்பான்.

மற்றொரு வழி மௌனம். முதல் பத்திக்குப் பின் ஒரு ஆட்டம் பாட்டில்லாமல் விட்டோம், இரண்டாவதுக்குப் பின் இரண்டு, மூன்றாவதுக்குப் பின் மூன்று. கடைசி வரிக்கு இணை வரி கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். இணை வரி வர வேண்டிய அந்த 6 விநாடியில், பாடும் அக்கா வாய் திறக்காமல் மெட்டை மட்டும் முனகுகிறாள், பிறகு ஒரு "ஆராரோ". முன்னும் பின்னும் நான்கு நான்கு ஆட்டம் சேர்த்தால் மொத்தம் 38 ஆட்டம், 1 நிமிடம் 54 விநாடி. எல்லாமே மூன்றின் மடங்கு என்பதால் எங்கே வெட்டினாலும் தூளி சரியான இடத்தில் நிற்கும்.

முதல் முறை போட்டுக் காட்டியபோது கடைசி ஆட்டம் வரை எல்லாம் நன்றாகவே போனது. குழந்தையின் கண் செருகிவிட்டது. அதன் பின் வெள்ளைப் பின்னணியில் எங்கள் பெயர்கள் வந்தன. இருட்டு அறையில் திரை பளிச்சென்று எரிந்தது, அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. பெயர்களைத் தொடக்கத்தின் 12 விநாடியில், இருண்ட வானத்தின் மேல் மங்கலாகப் போட்டுவிடுங்கள். கடைசியில் கருந்திரை மட்டும் இருக்கட்டும்.