தினசரி விற்பனையில் பிடிக்கப்படும் அட்வான்ஸ்: 1.18-க்குள் இருக்கும் வட்டியைக் கணக்கிடுவது எப்படி?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு சிறிய ஜவுளிக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். கியூஆர் கோடு வழியாகவும் கார்டு வழியாகவும் அக்கடைக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 11,800 ரூபாய் வருகிறது. வாடிக்கையாளர்கள் இப்படிச் செலுத்தும் பணத்தைக் கடையின் கணக்குக்குக் கொண்டுசேர்க்கும் நிறுவனம் ஒன்று, 1 லட்சம் ரூபாய் மர்ச்சண்ட் கேஷ் அட்வான்ஸ் தருவதாகவும், ஃபேக்டர் ரேட் 1.18 என்றும், தினசரி விற்பனையில் 10 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வதாகவும் சொல்கிறது. கேட்பவருக்கு இது ஆண்டுக்கு 18 சதவீத வட்டி போலத் தோன்றும். ஆனால் அந்த எண்ணில் காலம் என்பதே கிடையாது. வாங்கிய தொகையை 1.18-ஆல் பெருக்கி, எத்தனை நாளில் அடைத்தாலும் 1,18,000 ரூபாய் கட்ட வேண்டும் என்பது மட்டுமே அதன் பொருள்.

முதலில், கைக்கு உண்மையில் வந்து சேரும் தொகையைக் கண்டுபிடியுங்கள். செயலாக்கக் கட்டணம் 2,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியாக 360 ரூபாயும் முன்கூட்டியே கழிக்கப்பட்டால், வங்கிக் கணக்கில் ஏறுவது 97,640 ரூபாய்தான். கட்டப்போவது 1,18,000 ரூபாய். ஆகவே இந்தப் பணத்தின் விலை 18,000 அல்ல, 20,360 ரூபாய்.

அடுத்து, எத்தனை நாளில் அடைபடும் என்று பாருங்கள். நாளொன்றுக்கு 1,180 ரூபாய் பிடித்தால், கடை எல்லா நாளும் திறந்திருக்கும் நிலையில், 100 நாளில் கணக்கு முடிந்துவிடும்.

அதன்பின் செய்ய வேண்டியதுதான் பலரும் தவறவிடும் கணக்கு. 97,640 ரூபாயும் 100 நாள் முழுவதும் உங்களிடம் இருப்பதில்லை. முதல் நாளிலிருந்தே அது திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. ஐம்பதாவது நாளில் கட்ட வேண்டியதில் பாதியைக் கட்டி முடித்திருப்பீர்கள். எனவே உத்தேசமாக, அதில் பாதியான 48,820 ரூபாயைத்தான் 100 நாளைக்குப் பயன்படுத்தினீர்கள் என்று கொள்ளலாம். அதற்கு 20,360 ரூபாய் கொடுப்பது 100 நாளைக்கு ஏறத்தாழ 42 சதவீதம்; ஓர் ஆண்டுக்கு 150 சதவீதத்தைத் தாண்டுகிறது. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால், கைபேசியில் உள்ள எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸில் இதை உள்ளிடுங்கள்:

```
=RATE(100,-1180,97640)*365
```

அடைப்புக்குள் வருபவை முறையே நாட்களின் எண்ணிக்கை, தினமும் பிடிக்கும் தொகை, கைக்கு வந்த தொகை ஆகியவை. விடை ஏறத்தாழ 1.42, அதாவது ஆண்டுக்கு 142 சதவீதம்.

இந்த எண்ணை வடசென்னைக்காரர்களுக்குப் பழக்கமான தண்டலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 10,000 ரூபாய்க்கு 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுத்து, நாளுக்கு 100 வீதம் 100 நாள் வசூலிக்கும் தண்டலுக்கு இதே சூத்திரம் தரும் விடை 121 சதவீதம். கந்துவட்டி என்று நாம் அஞ்சும் தண்டலைவிட, கைபேசித் திரையில் நாகரிகமாக வரும் இந்த அட்வான்ஸ் அதிக விலையுடையது என்பதைக் கடைக்காரர்கள் அறியாமலிருப்பது எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

இனி, விற்பனை கூடினால் என்ன ஆகும் என்பதையும் போட்டுப் பாருங்கள். தீபாவளிச் சரக்குக்காக இந்த அட்வான்ஸை வாங்குகிறீர்கள். விற்பனை இரு மடங்காகி, நாளொன்றுக்கு 2,360 ரூபாய் பிடிக்கப்பட்டு, 50 நாளில் கடன் அடைகிறது. சாதாரணக் கடனில் சீக்கிரம் அடைத்தால் வட்டி குறையும். இங்கே கட்டும் 1,18,000 ரூபாய் அப்படியே இருக்க, பணம் உங்களிடம் இருந்த காலம் மட்டும் பாதியாகிவிடுவதால், சூத்திரத்தில் 50, -2360 என்று மாற்றிப் போட்டால் ஆண்டு விகிதம் ஏறத்தாழ 280 சதவீதமாக உயர்கிறது. கையிலுள்ள பணத்தைக் கொண்டு முன்கூட்டியே முடித்தாலும், ஒப்பந்தத்தில் தள்ளுபடி என்று எழுதியிருந்தால் அன்றி ஒரு ரூபாயும் மிச்சமாகாது. அதனால் "முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்ற கேள்விக்கு எழுத்து வடிவில் பதில் வாங்குங்கள்.

கையெழுத்திடுமுன் இன்னொன்றையும் கேளுங்கள். வங்கிகளும் வங்கி சாரா நிதி நிறுவனங்களும் சிறு தொழில்களுக்குத் தரும் தவணைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு சதவீத விகிதத்தைக் காட்டும் முக்கிய விவர அறிக்கையைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024-இல் விதித்து, அக்டோபர் 1 முதல் வழங்கும் புதிய கடன்களுக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்த அறிக்கையில் ஏபிஆர் என்று குறித்துள்ள எண்ணை நீங்கள் போட்ட கணக்கோடு ஒப்பிடுங்கள்; பெரிய வேறுபாடு இருந்தால், எந்தக் கட்டணம் விடுபட்டது என்று விளக்கம் கேளுங்கள். "இது கடன் அல்ல, உங்கள் வருங்கால விற்பனையை நாங்கள் விலைக்கு வாங்குகிறோம்" என்று சொல்லி அறிக்கையைத் தர மறுத்தால், உங்கள் கணக்கில் வந்த சதவீதத்தையே அதன் விலையாகக் கொண்டு, வங்கியின் ஓவர்டிராஃப்டோ நகைக்கடனோ எவ்வளவுக்குக் கிடைக்கும் என்று விசாரித்த பிறகு முடிவெடுங்கள்.