மெமோவில் கேட்க வேண்டியதை முதலிலேயே கேளுங்கள்

நம்மில் பலர் மெமோவை நடந்த வரிசையிலேயே எழுதுகிறோம். யு.பி.எஸ். வாங்கிய கதை, பழுதான கதை, மெக்கானிக் சொன்னது, கடைசிப் பத்தியில் "எனவே தாங்கள் பரிசீலிக்கவும்". மேலாளர் அதுவரை படித்தால்தானே!

அதையே இப்படித் தொடங்கலாம்:

"யு.பி.எஸ். பேட்டரிகள் 16-ஐயும் மாற்ற ரூ.1,92,000 செலவுக்கு உங்கள் ஒப்புதல் தேவை. 14-ஆம் தேதிக்குள் கிடைக்காவிட்டால் இப்போதைய விலைப்புள்ளி காலாவதியாகும். மின்தடையின்போது சர்வர் 5 நிமிடம்கூடத் தாங்காத நிலை தொடரும்."

முதல் வரியில் எதற்கு, எவ்வளவு, யாருடைய ஒப்புதல் என்பது வந்துவிட்டது. இரண்டாவதில் கடைசித் தேதியும், தாமதித்தால் என்ன ஆகும் என்பதும். அப்புறம்தான் காரணம். பதினாறில் பழுதானவை நான்குதானே, அவற்றை மட்டும் மாற்றினால் செலவு குறையுமே என்ற கேள்வி நிச்சயம் வரும். பழையதும் புதியதும் ஒரே வரிசையில் இருந்தால் புதியதும் சீக்கிரம் கெடும் என்று அங்கேயே எழுதிவிடுங்கள். பழைய வரலாறு கடைசியில் இரண்டு வரி போதும். விலைப்புள்ளி இணைப்பாகப் போகட்டும்.

அனுப்பும் முன், முதல் இரண்டு வரி தவிர மற்றதைக் கையால் மறைத்துப் பாருங்கள். மேலாளர் வெறும் "சரி" என்று பதில் போட்டால், அடுத்த நிமிடமே ஆர்டர் கொடுக்க முடியுமா? "எதுக்குச் சரி?" என்று திரும்பக் கேட்க வேண்டியிருந்தால் முதல் வரியைத் திருத்துங்கள். "பரிசீலிக்கவும்", "ஆவன செய்யவும்" இருந்தால் பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

இரண்டு முடிவுகள் வேண்டுமா? இரண்டு மெமோ. முடிவே வேண்டாமென்றால் முதல் வரியிலேயே "தகவலுக்கு மட்டும்" என்று போட்டுவிடுங்கள்.