கட்டம் போட்ட துணியில் எது ஜிங்கம், எது ஹவுண்ட்ஸ்டூத், எது டார்ட்டன்? நூலை வைத்தே கண்டுபிடிக்கலாம்

கும்பகோணத்தில் சட்டைத் துணி எடுத்து வெளியூருக்கு அனுப்புகிறேன். கேட்பவர்கள் ஹவுண்ட்ஸ்டூத், விண்டோபேன் என்று பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். கடையிலோ எல்லாமே கட்டம்தான். அதனால் நானே பிரித்துப் பார்க்கப் பழகிய முறை இது.

முதலில் ஒரு பூதக்கண்ணாடி வாங்குங்கள். நெசவுக்காரர்கள் நூல் எண்ண வைத்திருக்கும் மடக்குக் கண்ணாடி கிடைத்தால் இன்னும் நல்லது. போன் கேமராவை நான் நம்புவதில்லை. பெரிதாக்கினால் நூல்கள் ஒன்றோடு ஒன்று கலந்து தெரியும், இல்லாத அலைக்கோடுகளும் வந்துவிடும்.

படி 1: நெசவு நேரா, சாய்வா?

துணியின் கரைக்கு இணையாக ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே என்று மாறி மாறிப் போனால் சாதா நெசவு. இரண்டு நூல் மேலே, இரண்டு கீழே போய், அடுத்த வரிசை ஒரு நூல் தள்ளித் தொடங்கினால் ட்வில். ஜீன்ஸில் தெரிவது போல இதிலும் சாய்கோடு தெரியும்.

சாய்கோடு இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி, நெட்டுவாக்கில் பட்டை பட்டையாகத் தெரிந்தால் அது ஹெரிங்போன். திரும்பும் இடத்தில் முனைகள் சேராமல் வெட்டுப்பட்ட மாதிரி விலகி நிற்கும். அது கட்டமே இல்லை, தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

படி 2: ஜிங்கமா, ஹவுண்ட்ஸ்டூத்தா?

எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். இரண்டிலும் பெரும்பாலும் ஒரு நிறமும் வெள்ளையும்தான், பட்டைகளும் சம அகலம். நூல் வரிசைகூட ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் நெசவில் இருக்கிறது.

கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டு கட்டம் போடுங்கள். பாவில் முதல் நான்கு கறுப்பு, அடுத்த நான்கு வெள்ளை. ஊடையிலும் அப்படியே. கறுப்பும் கறுப்பும் சந்திக்கும் கால்பகுதி முழுக் கறுப்பு, வெள்ளையும் வெள்ளையும் சந்திப்பது முழு வெள்ளை. இனி கறுப்புப் பாவும் வெள்ளை ஊடையும் சந்திக்கும் நாலுக்கு நாலு இடத்தைப் பாருங்கள். சாதா நெசவில் முதல் வரிசையில் 1, 3. அடுத்ததில் 2, 4 என்று கறுப்புப் புள்ளிகள் விழும். தள்ளி நின்று பார்த்தால் அது சாம்பல் நிறக் கட்டம். அடர்த்தி, வெளிர், இரண்டுக்கும் நடு என்று மூன்று சாயல் தெரிந்தால் ஜிங்கம்.

ட்வில்லில் அதே இடத்தில் 1, 2. பிறகு 2, 3. பிறகு 3, 4. கடைசியில் 4, 1 என்று கறுப்பு விழும். ட்வில்லின் சுற்றே நான்கு நூல்தான் என்பதால் இங்கே ஒரே ஒரு சாய்கோட்டுக்குத்தான் இடம். அது பக்கத்துக் கறுப்புக் கட்டத்தோடு ஒட்டிக்கொண்டு பல் போல நீண்டுவிடும். அதுதான் ஹவுண்ட்ஸ்டூத். பட்டைக்கு இருபது நூல் வைத்து இதே ட்வில்லில் நெய்தால் அந்த இடத்தில் பல சாய்கோடுகள் வந்து மறுபடி நடுச்சாயல்தான் தெரியும், பல் தெரியாது.

படி 3: விண்டோபேன்

ஒரே நிறத் துணியில் ஒன்றிரண்டு நூல் அகலக் கோடுகள் தள்ளித் தள்ளி ஓடி, பெரிய காலிக் கட்டங்கள் விட்டால் விண்டோபேன்.

படி 4: டார்ட்டனா, பிளேடா?

பல நிறக் கட்டத்தைக் கரையிலிருந்து 45 டிகிரி சாய்வில் மடித்து, பாவின் பட்டைகளை ஊடையின் பட்டைகள் மேல் வையுங்கள். நிற வரிசை இரண்டிலும் ஒன்றாக இருந்து, நெசவும் ட்வில்லாக இருந்தால் டார்ட்டன் வகை. அகலம் கொஞ்சம் பிசகினால் தள்ளிவிடாதீர்கள். பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இல்லாவிட்டால் கட்டம் நீளும். வரிசையைத்தான் பார்க்க வேண்டும். ஸ்காட்லாந்தில் டார்ட்டன்களைப் பதிவு செய்ய 2008-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். அந்தப் பதிவிலும் நூல் வரிசைதான் அடையாளம்.

வரிசை பொருந்தாத, அல்லது ட்வில் அல்லாத பலநிறக் கட்டத்தைப் பிளேட் என்றே எழுதி அனுப்புகிறேன். சாதா நெசவு லுங்கிக் கட்டமும், மெட்ராஸ் செக்கும் இதில்தான் வரும். அமெரிக்கர்கள் டார்ட்டனையும் பிளேட் என்பார்கள், அதனால் ஆர்டர் வந்தால் படம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

பிறகு சேர்த்தது: கூறைநாட்டுக் கூறைப்புடவைக் கட்டம் எதில் சேரும் என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். கைத்தறிப் புடவையின் உடல் சாதா நெசவு, அதனால் டார்ட்டன் ஆகாது. வெளியூர்க்காரருக்குப் பிளேட் என்று சொல்லலாம், நமக்குக் கூறைக் கட்டம் என்றாலே போதும்.

இன்னொருவருக்குச் சாய்கோடே இல்லாத ஹவுண்ட்ஸ்டூத் வந்திருக்கிறது. அது அச்சடித்ததாக இருக்கலாம். ஓரத்தில் ஊசியால் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நெய்த கட்டத்தில் அந்த நூல் முழுக்க ஒரே நிறம். அச்சில் ஒரே நூலில் கறுப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக இருக்கும், துணியின் பின்பக்கமும் பெரும்பாலும் வெளிறியிருக்கும்.