கொலஸ்ட்ரால் 412: மாத்திரைக்கு முன்னால் சிறுநீரைப் பாருங்கள்

சிறுநீரகப் பிரிவு ஓ.பி.யில் நான் அடிக்கடி பார்க்கும் ஒரு ஃபைல் உண்டு. மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டின் கொலஸ்ட்ரால் பக்கத்தைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டிருப்பார்கள். அதே ஃபைலில் நாலு பக்கம் தள்ளி 'யூரின் ரொட்டீன்' இருக்கும். சிறுநீரில் புரதம் போவதைச் சொல்லும் 'ஆல்புமின் +++' அங்கே அச்சடித்திருப்பதை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். நோய் இருப்பது அந்தப் பக்கத்தில்தான்.

ஒரு ஆளை வைத்துப் பேசினால் புரியும். நான் பார்த்த பலரைச் சேர்த்துப் பிசைந்து செய்த ஆள் இவர். வயது 42, எடை 65 கிலோ. மொத்தக் கொலஸ்ட்ரால் 412, டிரைகிளிசரைடு 460, ஹெச்.டி.எல். 42. அப்பாவுக்கு 50 வயதில் மாரடைப்பு வந்ததால் வீட்டில் ஒரே பயம். பக்கத்து கிளினிக்கில் ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி.யும் பீனோஃபைப்ரேட்டும் சேர்ந்த கூட்டு மாத்திரை கொடுத்தார்கள். எண்ணெய், நெய், மட்டன் எல்லாவற்றையும் நிறுத்தினார். மூன்று வாரம் கழித்து, மாலையானால் செருப்பு போட முடியாத அளவுக்குக் கால் வீங்கியது. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி உப்பல். சிறுநீர் நுரைத்து, தண்ணீர் ஊற்றியும் நுரை அடங்காமல் நின்றது.

முதல் தவறு, இவ்வளவு கொலஸ்ட்ராலைப் பார்த்ததும் அதைத் தனி நோயாக எடுத்துக்கொண்டது. போன வருஷம் 190 இருந்த ஒருவருக்கு இந்த வருஷம் 412 என்றால், ஒரு வருஷத்தில் தின்ற பிரியாணி அதற்குக் காரணமாக இருக்க முடியாது. இப்படித் திடீரென்று ஏறினால் சிறுநீரில் புரதம், ரத்தத்தில் ஆல்புமின், தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் ஆகியவற்றைப் பார்த்த பிறகே கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். இவருடைய ரத்த ஆல்புமின் 1.9. சாதாரணமாக 3.5-க்கு மேல் இருக்க வேண்டும். ஒரு தடவை கழித்த சிறுநீரை எடுத்துப் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் பார்த்ததில் 6.2 வந்தது. அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 6 கிராம் புரதம் வெளியே போகிறது. 3.5 கிராமைத் தாண்டி, ஆல்புமினும் குறைந்து, வீக்கமும் வந்தால் அதற்குப் பெயர் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம். ரத்தக் கிரியாட்டினின் 0.9, சாதாரணம். 'கிட்னி நார்மல்' என்று இவரிடம் சொன்னது அந்த எண்ணை வைத்துத்தான். வடிகட்டி ஓட்டையாகிவிட்டது, ஆனால் வடிகட்டும் அளவு இன்னும் குறையவில்லை. கிரியாட்டினின் இரண்டாவதை மட்டும்தான் சொல்லும்.

சிறுநீரில் புரதம் போனால் ரத்தத்தில் கொழுப்பு ஏன் ஏற வேண்டும்? ஆல்புமின் குறைந்ததும் கல்லீரல் அதை ஈடுகட்டக் கூடுதலாக உழைக்கிறது. கூடவே கொழுப்பைச் சுமக்கும் துகள்களையும் அதிகம் செய்து தள்ளுகிறது. இது பாதிக் கதைதான். மீதிப் பாதி, வெளியேற்றம் அடைபடுவது. டிரைகிளிசரைடை உடைக்கும் நொதி, ரத்தக் குழாய்ச் சுவரில் தன் இடத்தில் சரியாக உட்காராமல் போகிறது. எல்.டி.எல்.லைக் கல்லீரலுக்குள் இழுக்கும் ஏற்பிகளும் குறைகின்றன. குழாயைத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைத்த தொட்டி மாதிரி. சாப்பாட்டில் நெய்யை நிறுத்துவது இந்தத் தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு ஊற்றுவதற்குச் சமம்.

ரிப்போர்ட்டைப் பற்றி ஒரு சிறிய விஷயம். லேப் இவருடைய எல்.டி.எல்.லை 278 என்று அச்சடித்திருந்தது. அது அளந்த எண் இல்லை, கணக்கு. மொத்தம் 412-இல் ஹெச்.டி.எல். 42-ஐயும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கான 92-ஐயும் கழித்தால் 278. டிரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. 412-இல் 42 போக மிச்சம் 370, அதைப் பின்தொடர்வது மேல். எல்.டி.எல். வேண்டுமென்றால் நேரடியாக அளக்கச் சொல்லலாம்.

அடுத்த தவறு சமையலறையில் நடக்கிறது. 'புரதம் போகுது, அதனால புரதம் சாப்பிடணும்' என்று யாரோ சொல்ல, இவர் தினம் எட்டு முட்டை வெள்ளைக்கரு சாப்பிட ஆரம்பித்தார். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கூடுதல் புரதம் வடிகட்டியின் அழுத்தத்தை ஏற்றி, கசிவைத்தான் கூட்டும். ஆல்புமின் ஏறாது. இவர் மாதிரி வயது வந்தவருக்கு எடையில் கிலோவுக்கு 0.8 முதல் 1 கிராம் போதும். 65 கிலோவுக்கு 52 முதல் 65 கிராம். சோறு, பருப்பு, தயிர், ஒன்றிரண்டு முட்டை என்று வீட்டுச் சாப்பாட்டிலேயே அது வந்துவிடும்.

எதைக் குறைக்கலாம் என்று கேட்டால், எண்ணெய்க்கு முன்னால் உப்பைச் சொல்வேன். ஊறுகாய், அப்பளம், கருவாடு, சிப்ஸ், பேக்கரிப் பண்டம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 5 கிராமுக்குள். உப்புக்கும் கொலஸ்ட்ராலுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். புரதக் கசிவைக் குறைக்க டெல்மிசார்டான் போன்ற மாத்திரை கொடுக்கிறோம். உப்பு அதிகமானால் அந்த மாத்திரையின் வேலை பாதியில் நிற்கும். கசிவு குறையாமல் கொலஸ்ட்ராலும் குறையாது. கடையில் கிடைக்கும் 'லோ சோடியம்' உப்பை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டானும் பொட்டாசியத்தை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறலாம்.

இப்போது அந்தக் கூட்டு மாத்திரை. எனக்கு இதில்தான் அதிக வருத்தம். பீனோஃபைப்ரேட் மாதிரி மருந்துகள் ரத்தத்தில் ஆல்புமினைப் பிடித்துக்கொண்டுதான் பயணம் செய்கின்றன. ஆல்புமின் 1.9 என்றால் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, மருந்து கட்டின்றித் திரியும். ரோசுவாஸ்டாட்டின் மாதிரி ஒரு ஸ்டேடினும் கூட இருந்தால் தசை சிதையும் ஆபத்து ஏறுகிறது. தொடை வலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமை, கட்டங்காப்பி நிறத்தில் சிறுநீர் ஆகியவை அடையாளங்கள். கால் வீங்கியிருக்கும்போது 'வீக்கத்தால்தான் வலி' என்று இதை எல்லாரும் தட்டிக்கழிப்பார்கள். சந்தேகம் வந்தால் சி.பி.கே. ரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். போதாக்குறைக்கு, பீனோஃபைப்ரேட் கிரியாட்டினினையும் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். 0.9 இருந்தது 1.3 ஆனால் அது நோயா, டெல்மிசார்டானா, இந்த மாத்திரையா என்று மருத்துவர் குழம்ப வேண்டியதுதான். இவருக்கு முதல் நாளே அதை நிறுத்தச் சொல்லியாயிற்று.

தைராய்டும் இங்கே ஒளிந்திருக்கும். தைராய்டு ஹார்மோனைச் சுமக்கும் புரதமும் சிறுநீரில் போய்விடுவதால் சிலருக்குத் தைராய்டு குறையும். அது தனியாகவே கொலஸ்ட்ராலை ஏற்றும், ஸ்டேடினால் வரும் தசைவலியையும் கூட்டும். டி.எஸ்.ஹெச்.சோடு ஃப்ரீ டி4 கேட்க வேண்டும். மொத்த டி4 மட்டும் பார்த்தால், சுமக்கும் புரதம் போனதாலேயே அது குறைவாகத் தெரிந்து ஏமாற்றும்.

அப்புறம் பயாப்சி. இவருக்கு மெம்ப்ரேனஸ் நெஃப்ரோபதி என்று வந்தது, வயது வந்தவர்களின் நெஃப்ராட்டிக்கில் அடிக்கடி பார்க்கும் வகை. காரணம் தேடும்போது நாட்டு மருந்தைப் பற்றியும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பாதரசம் கலந்த மருந்துகளுக்கும் மெம்ப்ரேனஸின் ஒரு வகைக்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் 2022-இல் எழுதியிருக்கிறார்கள். அந்த நோயாளிகளில் பலருக்கு அந்த மருந்தை நிறுத்தியதே சிகிச்சையின் பெரும்பகுதி. கொழுப்பைக் கரைக்கிறேன் என்று செந்தூரம் சாப்பிடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

இவருக்கு அப்படி எதுவும் இல்லை. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகளில் டாக்ரோலிமஸ் சர்க்கரையை அதிகம் ஏற்றும் என்பதால் சைக்ளோஸ்போரினும் குறைந்த அளவு ஸ்டீராய்டும் தொடங்கினோம். இந்த இடத்தில் ஒரு விபத்து காத்திருந்தது. வீட்டில் ரோசுவாஸ்டாட்டின் 20 மி.கி. சேர்ந்த அந்தப் பழைய கூட்டு மாத்திரை அட்டை மிச்சம் இருந்தது. சைக்ளோஸ்போரின் உடம்பில் இருக்கும்போது ரோசுவாஸ்டாட்டின் ஏறக்குறைய ஏழு மடங்கு சேரும். அதனால் உச்ச அளவே 5 மி.கி. சிம்வாஸ்டாட்டினைத் தொடவே கூடாது. அட்டோர்வாஸ்டாட்டினும் பல மடங்கு ஏறும். டாக்ரோலிமஸோடு இந்தச் சிக்கல் குறைவு. இதய மருத்துவர் ஒரு சீட்டு, சிறுநீரக மருத்துவர் ஒரு சீட்டு என்று தனித்தனியாக எழுதும்போது இந்த மோதல் யார் கண்ணிலும் படாது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். பம்பளிமாஸ் பழமும் சைக்ளோஸ்போரின் அளவை ஏற்றும் என்பதால் அதற்கும் லீவு.

ஸ்டேடின் எல்லாருக்கும் வேண்டுமா? குழந்தைகளிடம் பெரும்பாலும் வேண்டாம். நெஃப்ராட்டிக் வரும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஸ்டீராய்டு தொடங்கி 4 வாரத்துக்குள் புரதக் கசிவு நின்றுவிடும். கொலஸ்ட்ரால் 500 இருந்தாலும் அடுத்த சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாக இறங்கும். பெற்றோர் பயந்து மாத்திரை கேட்பார்கள், பொறுத்திருங்கள் என்றுதான் சொல்வோம். மெம்ப்ரேனஸ் அப்படி இல்லை, கசிவு பல மாதம் நீளும். அதோடு அப்பாவுக்கு மாரடைப்பு, எல்லைக்கோட்டுச் சர்க்கரை. அதனால் இவருக்கு 5 மி.கி. ரோசுவாஸ்டாட்டின் கொடுத்தோம். இந்த நோயாளிகளிடம் ஸ்டேடின் கொலஸ்ட்ரால் எண்ணைக் குறைப்பது தெரியும். மாரடைப்பை எவ்வளவு தடுக்கிறது என்பது மற்ற நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட ஊகம்தான். கர்ப்பம் தரிக்கத் திட்டமிடும் பெண்கள் ஸ்டேடினையும் டெல்மிசார்டானையும் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

இந்தச் சில மாதங்களில் எனக்கு மாரடைப்பைவிட ரத்தக் கட்டிதான் பெரிய பயம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் புரதமும் சிறுநீரில் போகிறது, மெம்ப்ரேனஸில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென்று மூச்சு வாங்கினாலோ, கொலஸ்ட்ரால் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

நாலு மாதத்தில் இவருடைய விகிதம் 6.2-இலிருந்து 2.1 ஆனது. ஆல்புமின் 2.9, கொலஸ்ட்ரால் 268. 'இன்னும் 268 இருக்கே, டோஸ் ஏத்துங்க' என்றார். ஏற்றவில்லை. கசிவு முதலில் குறையும், கொலஸ்ட்ரால் பின்னால் மெதுவாக வரும். ஒன்பதாவது மாதம் விகிதம் 0.6, ஆல்புமின் 3.8, கொலஸ்ட்ரால் 190. இப்போது எல்லா மாத்திரையையும் நிறுத்தலாமா என்று கேட்டார். சைக்ளோஸ்போரினைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஸ்டேடினைப் பொறுத்தவரை, அப்பாவின் மாரடைப்பும் சர்க்கரையும் இல்லாமலிருந்தால் நிறுத்திவிட்டு 6 முதல் 8 வாரம் கழித்து மறுபடி பார்த்திருப்பேன். இவருக்குத் தொடரச் சொல்லியிருக்கிறேன், அதே 5 மி.கி.