போஸ்ட்பெய்ட் பில்லில் ஒளிந்திருக்கும் எட்டு ரூபாவைக் கண்டுபிடிப்பது எப்படி

போன மாதத்தைவிட இந்த மாதம் பில் எழுநூறு ரூபா கூட வந்திருக்கிறது என்றால் பெரும்பாலானவர்கள் "வரி கூட்டிட்டாங்கள் போல" என்று சொல்லிவிட்டுக் கட்டிவிடுகிறார்கள். வரி ஏறியிருக்கலாம்தான், ஆனால் ஏறினால் அது எல்லோருக்கும் ஏறும், செய்தியிலும் வரும். உங்கள் நம்பருக்கு மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலும் காரணம் பில்லில் வேறு எங்கோ ஒரு சின்னப் பதிவில் இருக்கும். அந்தப் பதிவை எப்படிப் பிடிப்பது என்பதைத்தான் வெள்ளவத்தையில் எங்கள் மேல் மாடி அன்ரியின் பில்லை வைத்துக் காட்டப்போகிறேன். கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று தொகைகளை மட்டும் முழு எண்களாக மாற்றியிருக்கிறேன்.

முதலில் சரியான பில்லை எடுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வருவது மொத்தத் தொகையும் கடைசித் தேதியும் மட்டும்தான், அதில் பார்க்க ஒன்றும் இல்லை. இமெயிலுக்கு வரும் பிடிஎஃப், அல்லது நிறுவனத்தின் செயலியில் இறக்கிக்கொள்ளும் முழு பில்தான் வேண்டும். கூடவே போன மாத பில்லையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஒரு பில்லைத் தனியாகப் பார்த்தால் எல்லாமே நியாயமாகத்தான் தெரியும்.

அன்ரியின் முதல் பக்கம் இப்படி இருந்தது. உங்கள் பில்லில் பெயர்கள் கொஞ்சம் மாறியிருக்கலாம், ஒழுங்கும் முன்பின்னாக இருக்கலாம்.

```
Bill Period          16 Aug - 15 Sep
Previous Balance           2,145.00
Payments Received         -2,145.00
Monthly Rental             1,500.00
Add-on Packages              330.00
Usage Charges                102.00
Value Added Services         268.00
Taxes & Levies               660.00
Total Payable              2,860.00
```

மேலிருந்து கீழே

Bill Period என்ற வரியைத் தாண்டிப் போய்விடாதீர்கள், கீழே எல்லாக் கணக்குக்கும் அதுதான் அடிப்படை. ஓகஸ்ட் 16 முதல் செப்டெம்பர் 15 வரை என்றால் 31 நாள். இந்த எண்ணை ஒரு ஓரத்தில் எழுதி வையுங்கள்.

Previous Balance, Payments Received இரண்டும் ஒன்றையொன்று வெட்ட வேண்டும். வெட்டாவிட்டால் பழைய பாக்கி உள்ளே வந்திருக்கிறது, அது புதிய கட்டணம் இல்லை. அன்ரிக்கு இரண்டும் சமம், பிரச்சினை இல்லை. Monthly Rental-உம் போன மாதம் மாதிரியே 1,500. Usage என்பது பக்கேஜுக்கு வெளியே போன கோல், மெசேஜ் போன்றவை, போன மாதம் 90, இந்த மாதம் 102. வெளிநாட்டுக்கு நேரடியாகக் கோல் எடுத்திருந்தாலோ ரோமிங்கில் இருந்திருந்தாலோ இந்த இடம்தான் வீங்கும், அன்ரி எல்லாம் வட்ஸ்அப்தான்.

மிச்சம் இரண்டு வரிகள்: Add-on Packages, Value Added Services. போன மாதம் முதலாவதே இல்லை, இரண்டாவது வெறும் 60 ரூபா, அது அவர் வருடக்கணக்காக வைத்திருக்கும் ரிங்கிங் டோன், முருகன் பாட்டு. அதை எடுக்கச் சொன்னால் அடிதான் விழும். ஆக Value Added Services-இல் புதிதாக வந்தது 268 கழித்தல் 60, அதாவது 208 ரூபா.

208-ஐ உடைத்துப் பார்ப்பது

பில்லின் பின் பக்கங்களில் விவரப் பட்டியல் இருக்கும். இல்லாவிட்டால் செயலியில் பாருங்கள், அங்கேயும் இல்லாவிட்டால் ஹொட்லைனில் கேட்டு வாங்கலாம். அன்ரியின் பட்டியலில் ஏதோ தினசரி ராசிபலன் சேவை, ஒரு நாளுக்கு 8 ரூபா. இந்த மாதிரிச் சேவைகள் பெரும்பாலும் நாள் கணக்கில்தான் வரும், எட்டு ரூபா என்று பார்த்தால் யாரும் சண்டைக்குப் போகமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இப்போது 208-ஐ 8-ஆல் வகுங்கள், 26 வரும். பில் காலமோ 31 நாள். அப்படியானால் முதல் ஐந்து நாள் இந்தச் சேவை இல்லை, ஆறாவது நாள், ஓகஸ்ட் 21-ஆம் தேதி தொடங்கியிருக்கிறது. இந்தத் தேதிதான் உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். அன்ரியின் போனில் ஓகஸ்ட் 21-க்குப் போனோம். விளம்பர மெசேஜ்களுக்கு நடுவே ஆங்கிலத்தில் ஒன்று: சேவை தொடங்கிவிட்டது, நாளுக்கு 8 ரூபாவும் வரியும், நிறுத்த இதை அனுப்புங்கள் என்று. அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு இப்படிப் பத்து வந்தால் யார்தான் பார்ப்பார்கள்?

தொகை சரியாக வகுபடாவிட்டால் குழம்ப வேண்டாம். வார வாரம் அறவிடும் சேவையாக இருக்கலாம், அல்லது இரண்டு சேவைகள் ஒரே வரியில் கூட்டப்பட்டிருக்கலாம். முழு 31 நாளுக்கும் வந்திருந்தால் அது பில் காலத்தின் முதல் நாளிலோ அதற்கு முன்போ தொடங்கியது, பழைய பில்களைப் பின்னோக்கிப் புரட்டுங்கள்.

"நான் ஒன்றும் கேட்கவில்லையே, எப்படி வந்தது?" என்பதுதான் அடுத்த கேள்வி. மொபைல் டேட்டாவில் இருக்கும்போது உங்கள் நம்பர் எது என்பது நெட்வேர்க்குக்கு ஏற்கெனவே தெரியும், அதனால் கார்ட் இலக்கமோ கடவுச்சொல்லோ இல்லாமல் ஒரு பட்டனைத் தொட்டாலே பில்லில் சேர்த்துவிடும் வழி உண்டு. சமையல் குறிப்புப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெரிய பச்சைப் பட்டன் வரும், மூடலாம் என்று தொட்டால் அதுவே சம்மதம் ஆகிவிடும். வைஃபையில் இருந்தால் இப்படி நடப்பது கடினம், அங்கே நம்பரைத் தட்டி ஓடிபியும் போட வேண்டியிருக்கும். பேரப்பிள்ளை கேம் விளையாடிய போனில் வேறு ஒரு வழியும் இருக்கிறது: கூகுள் பிளேயில் வாங்குவதற்கான காசை மொபைல் பில்லில் சேர்க்கும் வசதி. அது திறந்திருந்தால் பிள்ளை வாங்கும் வைரக்கல்லும் வாளும் உங்கள் பில்லில்தான் வந்து நிற்கும்.

330 ரூபா: சின்னதாகத் தெரியும் பெரியது

Add-on 330 திருட்டுக் கணக்கு இல்லை. செப்டெம்பர் 5-ஆம் தேதி கனடாவில் இருக்கும் மகனோடு வீடியோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போது டேட்டா முடிந்தது, அன்ரியே செயலியில் ஒரு மேலதிக டேட்டா பக்கேஜைப் போட்டார். ஒரு தடவைக்கு 330 என்றுதான் பில்லைப் பார்த்ததும் நினைத்தார்.

கணக்கைப் பாருங்கள். 5 முதல் 15 வரை 11 நாள். 330-ஐ 11-ஆல் வகுத்தால் நாளுக்கு 30. 31 நாளுக்கு 930! அந்தப் பக்கேஜின் மாத விலையே 930 ரூபாதான், இடையில் போட்டதால் மிச்ச நாட்களுக்கு மட்டும் பங்கு போட்டு அறவிட்டிருக்கிறார்கள். ஒருமுறை பக்கேஜ் இல்லை, நிறுத்தும்வரை மாதாமாதம் தானாகப் புதுப்பிக்கும் வகை. அடுத்த பில்லில் முழு 930-உம் அதற்கு மேல் வரியும் வரும். எல்லா நிறுவனமும் எல்லாப் பக்கேஜையும் இப்படி நாள் பிரிப்பதில்லை, சிலது போட்ட அன்றே முழு விலையும் எடுக்கும். அதனால் Add-on வரி எதுவாக இருந்தாலும் செயலியில் அதன் முழு மாத விலை என்ன, தானாகப் புதுப்பிக்குமா என்ற இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

வரியை என்ன செய்வது

வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், அதோடு தொலைத்தொடர்பு வரி, சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி என்று இன்னும் உண்டு, கோலுக்கு ஒரு மாதிரி, டேட்டாவுக்கு அதைவிடக் குறைவாக. ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு மினக்கெட வேண்டாம். வரிக்கு முந்திய நான்கையும் கூட்டுங்கள்: 1,500, 330, 102, 268, மொத்தம் 2,200. வரி 660. 660-ஐ 2,200-ஆல் வகுத்தால் 0.30, அதாவது இந்த பில்லில் சராசரியாக நூறுக்கு முப்பது.

போன மாத பில்லிலும் இதே போலப் பார்த்தோம். 1,650-க்கு 495, அதுவும் முப்பதுதான். வரி ஏறவில்லை என்பது உறுதி. அப்படியானால் கூடிய 715 ரூபா எங்கே போனது? 330, 208, கோலில் 12, கூட்டினால் 550, அதற்கு வரி 165. சரியாக 715. இப்படிக் கணக்கு முட்டினால் வேறு எதுவும் ஒளிந்திருக்கவில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். இரண்டு மூன்று ரூபா வித்தியாசம் வந்தால் விடுங்கள், நூறு ரூபா இடித்தால் திரும்பப் பாருங்கள்.

பிறகு கோல் எடுங்கள்

முதலில் நிறுத்த வேண்டும், பிறகுதான் காசைப் பற்றிக் கதைக்க வேண்டும். சண்டை பிடிக்கும் நாட்களிலும் எட்டு ரூபா ஓடிக்கொண்டே இருக்கும். செயலியில் செயற்பாட்டில் உள்ள சேவைகளின் பட்டியல் இருந்தால் அங்கேயே நிறுத்தி, திரையைப் படம் எடுத்து வையுங்கள்.

ஹொட்லைனில் தமிழைத் தேர்ந்தெடுத்துக் கதைக்கலாம், வெட்கப்பட ஒன்றும் இல்லை. "பில் கூட வந்திருக்கு" என்று தொடங்கினால் பதில் சொல்பவரும் பொதுவாகத்தான் சொல்வார். அன்ரி கேட்டது இப்படி:

"தம்பி, ஓகஸ்ட் 21-ஆம் தேதி என்ட நம்பருக்கு ஒரு ராசிபலன் சேர்விஸ் போட்டிருக்கு. அது எத்தனை மணிக்கு, எந்த வழியால போட்டது? எஸ்எம்எஸ்ஸா, வெப்சைட்டா?"

"பார்த்துச் சொல்றேன் அம்மா, லைன்ல இருங்க."

வெப் வழியாக என்று வந்தது. நான் கேட்டுப் போடவில்லை, 208 ரூபாவையும் அதற்கான வரியையும் திருப்பி வையுங்கள், முறைப்பாட்டு இலக்கம் ஒன்று தாருங்கள் என்று கேட்டார். இலக்கம் இல்லாமல் கோலை வைக்காதீர்கள். அதே கோலில் இப்படியான கட்டணச் சேவைகளையும் மொபைல் பில்லில் சேர்த்து வாங்கும் வசதியையும் உங்கள் நம்பருக்கு முழுதாகத் தடைசெய்ய முடியுமா என்று கேளுங்கள், அப்படித் தடைசெய்தால் வங்கி ஓடிபி நின்றுவிடாதே என்பதையும் சேர்த்து உறுதிப்படுத்துங்கள்.

நிறுவனம் தீர்த்து வைக்காவிட்டால் இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் போகலாம். ஹொட்லைன் 1900, அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில். முதலில் நிறுவனத்திடம் முறையிட்டதற்கான அந்த இலக்கமும் இரண்டு பில்களும் கையில் இருக்கட்டும்.

அடுத்த பில் வந்ததும் அன்ரி மூன்று இடம் பார்க்க வேண்டும். சேவையை நிறுத்தியது செப்டெம்பர் 20, ஆகவே 16 முதல் 20 வரை ஐந்து நாளுக்கு 40 ரூபா இன்னும் வரலாம், அதற்கு மேல் ஒரு எட்டு வந்தாலும் சேவை நிற்கவில்லை. Adjustment அல்லது Credit என்ற வரியில் கழித்தல் அடையாளத்தோடு ஒரு தொகை இருக்க வேண்டும், அது 208 என்று மட்டும் இருந்தால் வரியைத் திருப்பாமல் விட்டிருக்கலாம், வரியோடு 270 அளவில் வர வேண்டும். வரி தனியாக வேறு இடத்தில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள். டேட்டா பக்கேஜை வைத்திருக்கத்தான் போகிறார், எனவே Add-on 930 என்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டு எனக்குக் கோல் எடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.