ரவிக்கை முன்பக்கம் விரிகிறதா? முதல் கொக்கியின் இடத்தைப் பாருங்கள்

தருமபுரியில் முகூர்த்த மாதங்களில் தையல் கடைகளுக்குத் திருத்தத்துக்கு வரும் பட்டு ரவிக்கைகளில் பலவற்றுக்கு ஒரே குறைதான்: இரண்டு கொக்கிகளுக்கு நடுவே பட்டி விரிந்து உள்ளே தெரிகிறது. ரவிக்கை இறுக்கம் என்று பக்கத் தையலைப் பிரிப்பதற்கு முன், கொக்கிகள் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

முன்பட்டி 7 அங்குலம், மார்பின் உயர்ந்த இடம் அதன் நடுவே வருகிறது என்று வையுங்கள். இரு முனையிலும் கால் அங்குலம் விட்டு ஆறு கொக்கிகளைச் சம இடைவெளியில் தைத்தால், மூன்றாவதும் நான்காவதும் மார்பின் உயர்ந்த இடத்துக்கு மேலும் கீழுமாக விழுந்துவிடும். துணி அதிகமாக இழுபடும் இடத்தில் பிடிப்பே இருக்காது. ஆகவே ரவிக்கையை அணிந்து, அந்த உயரத்தைப் பட்டியில் சாக்பீஸால் குறித்து, முதல் கொக்கியை அங்கே தையுங்கள். பிறகு மேலும் கீழும் ஒன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விட்டால் ஐந்தே போதும், விரியாது.

கொக்கியின் இரண்டு வளையங்களோடு நிறுத்தாமல், வளைந்த மூக்கின் அடியிலும் மூன்று தையல் போடுங்கள். இல்லையென்றால் மூக்கு தூக்கிக்கொண்டு மெல்லிய பட்டின் மேல் புடைப்பாகத் தெரியும். எதிர்ப்பக்கத்தில் உலோக வளையத்தைவிடக் காஜா தையல் போட்ட நூல் வளையம் பட்டுக்கு நல்லது. வெளியே தெரியாது, ஆனால் நாளடைவில் தேய்ந்து தளரும், அப்போது புதிதாகப் போட வேண்டும்.

பக்கத்தில் ஜிப் வைக்கச் சொல்பவர்கள் ஒன்றை யோசியுங்கள்: பின்னாளில் அந்தப் பக்கத்தைப் பிரித்து அகலமாக்குவது கடினம்.