கேரமல் புட்டிங்கில் ஓட்டை விழுவது எதனால்?

இட்லிப் பானையில் வேகவைத்த கேரமல் புட்டிங்கை வெட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. உடனே “முட்டையை அதிகம் அடித்துவிட்டோம்” என்று முடிவுகட்டி, அடுத்த முறை மெதுவாகக் கலக்குகிறார்கள். அப்போதும் ஓட்டை விழுகிறது. ஏனென்றால் புட்டிங்கில் ஓட்டை விழ இரண்டு தனித்தனிக் காரணங்கள் உண்டு. எது என்பதை ஓட்டை இருக்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

வேகும்போது மேலே இருந்த பக்கத்தில், அதாவது கவிழ்த்த பிறகு தட்டை ஒட்டியிருக்கும் பக்கத்தில், சின்னச் சின்ன உருண்டைக் குமிழ்கள் கூட்டமாக இருந்தால் அது கலக்கும்போது புகுந்த காற்று. பாத்திரச் சுவரை ஒட்டிய ஓரங்களில் தேனடை மாதிரித் துளைகள் இருந்து, கரண்டி வைத்ததும் தண்ணீர் கசிந்தால் அது சூடு மிஞ்சியதன் அடையாளம். பெரும்பாலான வீடுகளில் நடப்பது இந்த இரண்டாவதுதான்.

பாலும் சர்க்கரையும் சேர்ந்த முட்டைக் கலவை ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸில் கட்டியாகத் தொடங்குகிறது. அந்த நிலையில் முட்டையின் புரதம் வலைபோலப் பின்னிக்கொண்டு பாலைத் தன்னுள் பிடித்து வைத்திருக்கும். 85-ஐத் தாண்டினால் அந்த வலை இறுகிச் சுருங்கி, பிடித்து வைத்திருந்த நீரை வெளியே தள்ளும். சூடு இன்னும் ஏறினால் அந்த நீரே ஆவியாகி, இறுகிக்கொண்டிருக்கும் புட்டிங்கில் துளை போடும். கட்டியாவதற்கும் கெடுவதற்கும் நடுவே இருப்பது ஐந்தாறு டிகிரிதான். ஆனால் மூடிய பானையில் கொதிக்கும் ஆவியோ 100 டிகிரி. அதனால் நடுப்பகுதி 80-ஐத் தொடுவதற்குள் ஓரம் எல்லை தாண்டிவிடுகிறது. குக்கரில் வெயிட் போட்டு விசில் விட்டால் உள்ளே 120 டிகிரி வரை போகும். “இரண்டு விசில் போதும்” என்ற குறிப்பை நம்ப வேண்டாம். குக்கர்தான் இருக்கிறது என்றால் வெயிட் போடாமல், அடுப்பைக் குறைத்து வையுங்கள்.

ஆக, செய்ய வேண்டியது ஆவியின் சூட்டைக் குறைப்பது. அதற்கு அடுப்பை சிம்மில் வைப்பது மட்டும் போதாது. மூடி இறுக்கமாக இருந்தால் சிம்மிலும் உள்ளே 100 டிகிரியை நெருங்கிவிடும். மூடிக்கும் பானை விளிம்புக்கும் நடுவே ஒரு மரக்கரண்டிக் காம்பை வைத்து விரல் கனத்துக்கு இடைவெளி விடுங்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்து ஆவியோடு கலப்பதால் சூடு 90 டிகிரி அளவுக்கு இறங்கும். ஜப்பானிலும் சீனாவிலும் முட்டையை ஆவியில் வேகவைப்பவர்களும் மூடியைச் சற்றே திறந்து வைப்பது இதற்காகத்தான். ஊட்டி உயரத்தில் தண்ணீரே 92, 93 டிகிரியில் கொதித்துவிடுவதால், அங்கே இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு.

ஓட்டை விழுந்தாலே குற்றம் என்று எல்லா இடத்திலும் சொல்ல முடியாது. தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் இலங்கையின் வட்டிலப்பத்தில் துளைகள் இருப்பதைப் பலர் விரும்பியே சாப்பிடுகிறார்கள். கேரமல் புட்டிங்கில்தான் வழவழப்பு வேண்டும்.

அரை லிட்டர் பாலுக்கு ஒரு முறை முழுதாகப் பார்ப்போம். 6 அங்குல வட்டப் பாத்திரத்துக்கு இந்த அளவு சரியாக இருக்கும். கலவை 4 செ.மீ. உயரம் நிற்கும். முதலில் 80 கிராம் சர்க்கரையில் 2 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, நல்ல தேன் நிறத்தைத் தாண்டிச் செம்பழுப்பாகும்வரை காய்ச்சிப் பாத்திர அடியில் ஊற்றி, ஆறி இறுக விடுங்கள். கேரமல் இளகலாக இருக்கும்போதே கலவையை ஊற்றினால் இரண்டும் கலந்துவிடும்.

பாலைக் காய்ச்சி, 80 கிராம் சர்க்கரையைக் கரைத்து, விரல் வைத்தால் சூடு தாங்கும் அளவுக்கு ஆறவிடுங்கள். பாலைக் காய்ச்சும்போது அதில் கரைந்திருக்கும் காற்று பெரும்பாலும் வெளியேறிவிடும். வெதுவெதுப்பாக ஊற்றுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலோடு ஆரம்பித்தால் நடுப்பகுதி வேக அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவு நேரமும் ஓரம் வெந்துகொண்டே இருக்கும்.

4 முட்டையை பீட்டரால் அடிக்காதீர்கள், மிக்ஸியிலும் போடாதீர்கள். ஃபோர்க்கின் முனை பாத்திர அடியைத் தொட்டபடியே இருக்க, இப்படியும் அப்படியுமாக இழுத்து வெள்ளைக்கருவை அறுத்துக் கலந்தால் நுரை வராது. பாலைச் சேர்த்து, வெனிலா விட்டு, மெல்லிய வடிகட்டியில் வடித்து, 20 நிமிடம் சும்மா வையுங்கள். மேலே ஒதுங்கும் நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, உயரத்திலிருந்து ஊற்றாமல் பாத்திரத்துக்கு நெருக்கமாகப் பிடித்து ஊற்றுங்கள். ஊற்றிய பிறகும் குமிழ் தெரிந்தால் டிஷ்யூ பேப்பரின் ஓரத்தால் தொட்டு எடுத்துவிடலாம்.

மூடியில் சேரும் நீர் சொட்டினால் மேற்பரப்பு அம்மைத் தழும்பு விழுந்தது போலாகும். அதனால் பாத்திரத்தின் வாயை ஃபாயிலால் மூடுங்கள். பானையில் இரண்டு அங்குலத் தண்ணீர் கொதித்த பிறகு, அடி நேராகத் தண்ணீரைத் தொடாதபடி ஸ்டாண்டின் மேல் வைத்து, அடுப்பை மிகக் குறைத்து, மூடியில் இடைவெளி விடுங்கள். தண்ணீர் லேசாகச் சலசலப்பது காதில் விழ வேண்டும்; மூடி கடகடவென ஆடினால் தீ அதிகம்.

இந்த அளவுக்கு 40 நிமிடம் ஆகலாம், பாத்திரத்தையும் அடுப்பையும் பொறுத்து ஐந்து நிமிடம் முன்பின் இருக்கும். 30-ஆவது நிமிடத்தில் ஒரு முறை பாருங்கள். 100 மி.லி. கிண்ணங்கள் என்றால் 15 நிமிடத்தை ஒட்டி வெந்துவிடும், 12-இலேயே பார்க்க ஆரம்பியுங்கள். பீங்கான் கிண்ணம் ஸ்டீலைவிட மெதுவாகச் சூடேறும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஓவனில் வைப்பவர்களுக்கும் இதே கதைதான். 150 டிகிரியில், புட்டிங் உயரத்தில் பாதிக்கு வெந்நீர் ஊற்றிய தட்டில், அடியில் ஒரு துணி விரித்து வையுங்கள். அந்தத் தண்ணீரில் கொதிக்குமிழ் வரக் கூடாது. வந்தால் ஒரு கை பச்சைத் தண்ணீர் விடுங்கள்.

வெந்ததா என்று பார்க்க நடுவில் கத்தியைக் குத்தி, சுத்தமாக வரும்வரை காத்திருப்பது இன்னொரு தவறு. நடுவே கத்தி சுத்தமாக வரும் நேரத்தில் ஓரம் மிஞ்சி வெந்திருக்கும். பாத்திரத்தை லேசாகத் தட்டுங்கள். ஓரம் அசையாமல், நடுவில் ஒரு எலுமிச்சை அளவு இடம் மட்டும் தளதளவென்று ஆடினால் இறக்கிவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் அது வெந்து முடியும். தண்ணீர் மாதிரி அலை அடித்தால் இன்னும் ஐந்து நிமிடம் வையுங்கள். குறைவாக வெந்ததைத் திரும்ப வைத்துச் சரிசெய்துவிடலாம், மிஞ்சி வெந்ததற்கு வழி கிடையாது. அடுப்பை அணைத்துவிட்டுப் பானைக்குள்ளேயே ஆறவிடுவதும் கூடாது, சிக்கியிருக்கும் ஆவி தொடர்ந்து வேகவைக்கும். அறைச்சூட்டுக்கு ஆறியதும் ஃபிரிட்ஜில் குறைந்தது நான்கு மணி நேரம் வைத்து, ஓரத்தைக் கத்தியால் சுற்றிவிட்டுக் கவிழ்த்தால் கேரமலும் இளகிக் கூடவே வரும்.